முதல் நாவல் – 9: நானா, அவனா?

முதல் நாவலுக்கு உட்காரும் பலரும் கதையை முழுதாக யோசித்து முடிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுகிறார்கள். ‘நான்’ என்று தொடங்குவதா, ‘அவன்’ என்று தொடங்குவதா என்பதுதான் அது. கேட்டால், ‘நான்’ என்று எழுதினால் நெருக்கமாக இருக்கிறது, சரளமாக வருகிறது என்பார்கள். ‘அவன்’ என்று எழுதுகிறவர்களோ, சொந்தக் கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பார்கள். இரண்டுமே எழுதுகிறவரின் வசதியைப் பற்றிய காரணங்கள். நாவல் என்ன கேட்கிறது என்பது இந்தப் பேச்சில் வருவதே இல்லை. இந்த வாரம் அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

தமிழ் நாவலின் தொடக்கமே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்தது. அது தன்மையில் சொல்லப்பட்ட கதை. பிரதாப முதலியாரே தன் பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், பிரிவு எல்லாவற்றையும் சொல்கிறார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1893-இல், ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் இன்னொரு கதை தொடராக வரத் தொடங்கியது. எழுதியவருக்கு அப்போது இருபத்தொரு வயது. ஊர் வத்தலக்குண்டு. பெயர் ராஜம் ஐயர். கதையின் தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அது படர்க்கையில் சொல்லப்பட்டது.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டைப் பேருந்து நிலையமாகத்தான் அறிவார்கள். டீ குடிக்க இறங்கி, மலை ஏறும் வண்டியைப் பிடித்துப் போய்விடுவார்கள். ஆனால் உரைநடை எழுதுகிறவருக்கு இந்த ஊர் பெரிய ஊர். ராஜம் ஐயர் இங்கே 1872-இல் பிறந்தார். ‘மணிக்கொடி’யை நடத்திய பி.எஸ். ராமையா இங்கே பிறந்தவர். ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் இங்கேதான். இவர்களில் இருவரின் நாவல்களை வைத்தே இன்றைய விஷயத்தை முழுக்கப் பேசிவிடலாம்.

ராஜம் ஐயரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் ‘நான்’ என்று எழுதியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால்தான் அவர் செய்தது என்னவென்று விளங்கும்.

கதை நடப்பது மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமத்தில். முத்துஸ்வாமி ஐயர் ஊரில் பெரிய மனிதர், அவர் மனைவி கமலாம்பாள். தம்பி சுப்பிரமணிய ஐயரின் மனைவி பொன்னம்மாள் குடும்பத்துக்குள் நெருப்பு வைக்கிறவள். ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்றே பெயர் கொடுத்திருக்கிறார் ராஜம் ஐயர். செல்வம் போகிறது, குழந்தை காணாமல் போகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கமலாம்பாளின் மேல் ஒரு அவதூறு கிளம்புகிறது. அது கணவரின் காதுக்கு வருகிறது. அவர் மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டு வெளியேறுகிறார்.

இந்தக் கதையை முத்துஸ்வாமி ஐயரே சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எப்போது என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். அவதூறு அவர் காதுக்கு வரும்போது, அது உண்மையா பொய்யா என்று அவரோடு சேர்ந்து நாமும் குழம்புவோம். படிக்கிறவரின் கவனம் முழுவதும் ‘கமலாம்பாள் தவறு செய்தாளா?’ என்பதிலேயே போய் நிற்கும். அது துப்பறியும் கதைக்கு உரிய கேள்வி. கமலாம்பாளின் வாயால் சொன்னாலோ வேறு சிக்கல். தன்மேல் பழி கிளம்பியிருப்பதே அவளுக்குக் கடைசியில்தான் தெரியவரும். எந்த வாயிலிருந்து அது கிளம்பியது, எந்த வீட்டில் தங்கி எந்த வீட்டில் வளர்ந்தது என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

ராஜம் ஐயருக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும் அல்லாத ஒரு நிலை. கமலாம்பாள் குற்றமற்றவள் என்று படிக்கிறவருக்கு ஐயமில்லாமல் தெரிய வேண்டும். அதே நேரத்தில் அவள் கணவர் அந்தப் பேச்சால் உடைந்து போவதையும் பார்க்க வேண்டும். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்ற தவிப்புதான் நாவலின் உயிர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இடைவெளியைப் படிக்கிறவர் முன்னால் வைப்பதற்கு, கதை சொல்கிறவர் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்க வேண்டும். வம்புக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் கிடையாது. பத்துப் பேர் வாயில் அது உருவாகிறது. அப்படிப்பட்ட ஒன்றைக் கதைப் பொருளாக எடுத்த பிறகு ‘நான்’ என்பதற்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. இருபத்தொரு வயதில் அவர் இதையெல்லாம் யோசித்துக் கணக்குப் போட்டாரா என்பது முக்கியமில்லை. கதையின் தேவையும் அவர் நின்ற இடமும் பொருந்தியிருக்கின்றன.

பிரதாப முதலியாரின் கதையில் இது எப்படி ஆகிறது என்று பாருங்கள். நாவலின் பிற்பகுதியில் கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். பிரதாபன் அயலூரில் சிறைப்பட்டுக் கிடக்கிறான். அவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படும் ஞானாம்பாள், யானை மாலை போட்டதால் அந்த ஊருக்கே அரசனாகிறாள். கதையிலேயே சுவாரஸ்யமான பகுதி இதுதான். ஆனால் அங்கே கதை சொல்கிறவன் இல்லை! அவன் சிறையில் இருக்கிறான். அதனால் பிறகு இருவரும் சேர்ந்தபோது ஞானாம்பாள் அவனுக்குச் சொல்ல, அவன் நமக்குச் சொல்ல வேண்டியதாகிறது. ஆபத்து கடந்துபோன பின் சொல்லப்படும் ஆபத்தாக அது நம்மிடம் வந்து சேர்கிறது. வேதநாயகம் பிள்ளைக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதே என் எண்ணம். அவருடைய நாவல் கதைக்குள் கதை, அதற்குள் ஒரு நீதி என்று போகிற நாவல். ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லும் குரல்தான் அதற்குச் சட்டகம். அந்தக் குரலை எடுத்துவிட்டால் நாவல் சிதறிவிடும். இதே உத்தியைப் பதற்றத்தை நம்பி நிற்கும் கதையில் வைத்தால் தாங்காது.

ஆகவே எழுதத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாவலில் வரும் என்று தோன்றும் முக்கியமான காட்சிகளை, இருபதோ முப்பதோ, ஒரு நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதற்கு அடுத்தாற்போல், அங்கே நடந்தது யாருக்குத் தெரியக் கூடாது என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்புதான் முடிவைச் சொல்லும்.

ஒரு கதையை வைத்தே செய்து பார்ப்போம். நிலக்கோட்டைப் பூச்சந்தை வத்தலக்குண்டுக்குப் பக்கம்தான். பூ விவசாயி ஒருவர் கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். வாங்கிய கடன் தீரும்வரை பூவை அந்தக் கடைக்கே கொண்டுவந்து போட வேண்டும். அவருடைய மகன் பாண்டி பிளஸ் டூ முடித்துவிட்டு அதே கடையில் கணக்கு எழுதப் போகிறான். எடையில் குறைவதும் கணக்கில் கூடுவதும் அவன் கையெழுத்திலேயே நடக்கிறது. நாவலின் நடுவில் ஓர் இரவு, கடை அடைத்த பின் அப்பாவும் முதலாளியும் தனியாகப் பேசுகிறார்கள். மகனை வேலைக்கு வைத்துக்கொண்டதே அப்பாவை வாய் திறக்கவிடாமல் செய்வதற்குத்தான் என்பது அந்தப் பேச்சில் வெளிப்படுகிறது. அப்பா தெரிந்தே சம்மதித்திருக்கிறார்.

இந்தக் கதையை எழுதுகிறவர் பாண்டியின் வயதுக்காரர் என்றால் ‘நான்’ என்றுதான் தொடங்குவார். இருபது காட்சிகளில் பதினெட்டில் பாண்டி இருப்பான், அதனால் சிக்கல் தெரியாது. அந்த இரவுக் காட்சிக்கு வந்ததும் மாட்டிக்கொள்வார். அப்போது முதல் நாவல்காரர்கள் வழக்கமாகச் செய்வது, பாண்டியைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்து ஒட்டுக்கேட்கச் செய்வது. இல்லையென்றால் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு கடிதம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் குடித்த யாரோ ஒருவர் உளறுவார். கையெழுத்துப் பிரதியில் ஒட்டுக்கேட்டல், கடிதம், உளறல் மூன்றில் ஏதாவது ஒன்று முக்கியமான திருப்பத்தில் வருகிறதென்றால், நாவல் தவறான ஆளின் கண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இங்கே எழுதுகிறவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படர்க்கைக்குப் போய் அந்த இரவை நேரடியாகக் காட்டுவது. அப்போது மறுநாள் காலை பாண்டி வழக்கம்போல் கடைக்கு வந்து, முதலாளி வாங்கிக் கொடுத்த டீயை நன்றியோடு குடிக்கும் காட்சி நம்மைப் பிசையும். ராஜம் ஐயரின் வழி அதுதான். இரண்டாவது வழி, ‘நான்’ என்பதையே வைத்துக்கொண்டு அந்த இரவை நாவலிலிருந்து எடுத்துவிடுவது. பாண்டிக்கு அது கடைசிவரை தெரியாது. அப்பா ஏன் ஊமையாக இருந்தார் என்று அவன் பல வருடம் கழித்தும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் கவனிக்காமல் சொல்லிப்போகும் சிறு சிறு விவரங்களிலிருந்து படிக்கிறவர் தானாகவே அதை ஊகிக்கிறார். முதலாவது, ஒரு குடும்பம் கடனுக்குள் எப்படி இழுக்கப்படுகிறது என்ற நாவல். இரண்டாவது, அப்பாவைப் புரிந்துகொள்ள முடியாமல் போன மகனின் நாவல். இரண்டும் நல்ல நாவல்களாக வரலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு நாவல்கள். எதை எழுத வந்தோம் என்பது தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும்.

இனி, ‘நான்’ என்று எழுதினால்தான் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு வருவோம். பெரும்பாலும் இது சரியாகச் சோதிக்கப்படாத நம்பிக்கை. பாண்டியின் கதையிலிருந்தே ஒரு துண்டு:

பாண்டி சிட்டையைப் பார்த்தான். அதில் நாலு கிலோ என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் அப்பா ஐந்து கிலோ கொண்டுவந்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மிகவும் வேதனைப்பட்டான்.

இதையே தன்மையில் மாற்றி எழுதுகிறார்:

சிட்டையைப் பார்த்தேன். நாலு கிலோ. காலையில் கூடையைச் சைக்கிளில் தூக்கி வைத்ததே நான்தான். ஐந்துக்குக் குறையாது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சிட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது நன்றாக இருக்கிறது, சந்தேகமில்லை. உடனே ‘நான்’ என்றால் உயிர் வருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் முதல் துண்டின் குறை படர்க்கையில் இல்லை. அதில் கூடை இல்லை, சைக்கிள் இல்லை, அப்பா என்ன செய்தார் என்பது இல்லை. வேதனை என்ற பெயர் மட்டும் இருக்கிறது. நியாயமான சோதனை என்றால் படர்க்கைக்கும் அதே உழைப்பைக் கொடுக்க வேண்டும்:

சிட்டையில் நாலு கிலோ. காலையில் கூடையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தவனுக்குத் தெரியாதா? ஐந்துக்குக் குறையாது. அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. சிட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

‘என்று பாண்டி நினைத்தான்’ என்ற வால் இல்லாமலே அது பாண்டியின் நினைப்பு என்று விளங்குகிறது. எழுவாயைச் சொல்லாமல் வாக்கியம் அமைக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. ‘வைத்தவனுக்குத் தெரியாதா’ என்ற ஒரு சொற்சேர்க்கையில் வெளியே நிற்கும் குரலும் உள்ளே இருக்கும் குரலும் ஒன்றாகிவிடுகின்றன. இவ்வளவு நெருக்கம் படர்க்கையிலும் கிடைக்கும் என்பது தெரிந்தபிறகு, நெருக்கத்துக்காக ‘நான்’ என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. வேறு காரணம் இருந்தால்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படர்க்கைக்கு மாறும்போது நம் மொழியில் எழுதுகிறவர் எதிர்கொள்ளும் ஒரு தனிச் சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் படர்க்கை என்றால் ‘அவன்’ மட்டும் இல்லை, ‘அவர்’ இருக்கிறது. கடை முதலாளி வந்தாரா, வந்தானா? பூக்கட்டும் கிழவி சொன்னாளா, சொன்னாரா? ஒவ்வொரு வினைமுற்றிலும் கதை சொல்கிறவர் யாருக்கு மரியாதை கொடுக்கிறார் என்பது பதிவாகிவிடுகிறது. பாண்டி சொல்கிற கதையில் இதற்கு எளிதாக விடை கிடைக்கும். அவன் முதலாளியை ‘வந்தார்’ என்பான், கூலிக்கு வருகிற சம வயதுப் பையனை ‘வந்தான்’ என்பான். அந்த ஏற்ற இறக்கம் அவனுடையது, அவன் குணத்தின் பகுதி. கோபம் வந்த அத்தியாயத்தில் முதலாளியை அவன் ‘வந்தான்’ என்று சொல்லிவிட்டால் அதுவே ஒரு நிகழ்ச்சி. படர்க்கையில் எழுதும்போதோ, இந்த மரியாதை எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் முடிவு செய்தாக வேண்டும். பாண்டியின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதென்றால் அவன் கொடுக்கிற மரியாதையே விவரிப்பிலும் வர வேண்டும். எல்லோரையும் சமமாகப் பார்க்கிற குரல் என்றால் முதலாளியும் ‘அவன்’தான், கூலிக்காரரும் ‘அவன்’தான், அல்லது இருவரும் ‘அவர்’. பழக்கத்தில் பணக்காரருக்கு ‘ஆர்’ போட்டு ஏழைக்கு ‘ஆன்’ போட்டுக்கொண்டு போனால், எழுதுகிறவர் அறியாமலே விவரிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நுட்பமான வாசகர் இதை முதல் பத்துப் பக்கத்தில் பிடித்துவிடுவார். பிரதியின் பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வினைமுற்று எப்படி முடிகிறது என்று ஒருமுறை கோடிட்டுப் பாருங்கள். எத்தனை பேருடைய கண்கள் கலந்து கிடக்கின்றன என்பது அப்போது தெரியும்.

தன்மைக்கு இன்னொரு விலை உண்டு. அதைச் செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ அழகாகக் காட்டுகிறது. ஒரே பிற்பகலில் நடக்கும் சின்ன நாவல் அது. பிச்சியின் தகப்பன் அம்புலி, காரி என்ற காளையின் கொம்பில் மாண்டவன். அந்தக் காளையை அடக்க வேண்டும் என்று பிச்சி மச்சான் மருதனோடு செல்லாயி சல்லிக்கட்டுக்கு வந்திருக்கிறான். காளை வாடிவாசலுக்குள் நிற்கிறது. படிக்கிற நமக்கு ஒரே பயம்தான்: மகனும் அதே கொம்பில் போய்விடுவானோ?

பிச்சியே ‘நான் திட்டிவாசல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்’ என்று இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பயம் முதல் வரியிலேயே போயிருக்கும். சொல்வதற்கு ஆள் இருக்கிறான், ஆகவே பிழைத்துவிட்டான். உயிர்ப்பயம் கதையின் நடுநரம்பாக இருக்கும்போது, இறந்தகாலத்தில் பேசும் ‘நான்’ அதை அறுத்துவிடுகிறது. அதோடு ‘வாடிவாசல்’ பிச்சியோடு முடிவதும் இல்லை. பிச்சி காளையைப் பிடித்துவிட்ட பிறகு, அடங்கிய காளை வெறிகொண்டு ஆற்றுப் பக்கம் ஓடுகிறது. தன் காளை பிடிபட்ட அவமானத்தைச் சுமந்த ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். அடிபட்ட பிச்சியின் கண் அங்கே போக முடியாது. ஜமீன்தாரின் மனமும், சுற்றி நிற்கும் கூட்டத்தின் மனமும், காளையின் ஆத்திரமும் சேர்ந்துதான் அந்த முடிவை உண்டாக்குகின்றன. செல்லப்பா கூட்டத்துக்குள் நின்றுகொண்டு சொல்கிறார். பெரும்பாலும் பிச்சியின் அருகில் நிற்கிறார், வேண்டியபோது நகர்கிறார். நகர்ந்தாலும் வாடிவாசலை விட்டு அதிக தூரம் போவதில்லை. எல்லை ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குள் சுதந்திரமாக இருப்பது முதல் நாவல்காரர்கள் பார்த்துப் பழக வேண்டிய வித்தை.

பாண்டியின் கதைக்கு உயிர்ப்பயம் கிடையாது. அங்கே ‘நான்’ எடுத்தால் கவனிக்க வேண்டியது காலம். பாண்டி இதை எப்போது சொல்கிறான்? நடந்த அன்றைக்கு இரவிலா, நாற்பது வயதில் திருப்பூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டா? இந்த முடிவை எடுக்காமல் எழுதுகிற பிரதியில் பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று வாழ்க்கையைப் பற்றித் தத்துவம் சொல்வான். அடுத்த பத்தியில் சினிமா டிக்கெட்டுக்கு அழுவான். தன்மைக் கதையில் எப்போதும் இரண்டு ‘நான்’ இருக்கிறார்கள்: பட்டவன் ஒருவன், சொல்கிறவன் ஒருவன். இடையில் எத்தனை வருடம் என்று எழுதுகிறவருக்குத் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். நாவலில் அதை எழுதக்கூட வேண்டாம். ‘அப்போது எனக்குத் தெரியவில்லை’ என்ற வாக்கியம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தடவை வந்தால் அது பலம். அத்தியாயத்துக்கு ஒன்று என்று வந்தால், சொல்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதை எழுதுகிறவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

படர்க்கையில் வரும் நோய் வேறு மாதிரி. ‘நான்’ என்று எழுதும்போது இயல்பாகப் பேசியவர், ‘அவன்’ என்று மாற்றியதும் அரசாணை எழுதுகிறவர் மாதிரி ஆகிவிடுவார். குரலே இருக்காது. கதை சொல்ல ஆளில்லாமல் கதை தானே நடப்பது போல இருக்க வேண்டும், அதுதான் படர்க்கை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அப்படியும் எழுதலாம், ஆனால் அது கைதேர்ந்தவர்கள் செய்வது. ராஜம் ஐயரின் படர்க்கையில் சொல்கிறவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார், கேலி செய்கிறார், நம்மை அழைத்துப் பேசுகிறார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வரும் இடங்களைப் படியுங்கள். அந்த மனிதரைப் பார்க்கும்போது சொல்கிறவருக்கு இருக்கும் அன்பும் குறும்பும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கின்றன. ‘நான்’ என்ற சொல் இல்லாமலே அது ஒரு மனிதரின் குரல் என்று தெரிகிறது. மாதா மாதம் வந்த தொடர் என்பதால், ஓர் இழையை விட்டு இன்னோர் இழைக்குத் தாவும்போது வாசகரைக் கைப்பிடித்து அழைத்துப்போக அந்தக் குரல் அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

அந்தக் குரலுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நாவலின் பிற்பகுதியில் வேதாந்தம் மேலோங்குகிறது. முத்துஸ்வாமி ஐயரின் தேடலும் ராஜம் ஐயரின் சொந்தத் தேடலும் ஒன்றாகிவிடுகின்றன. 1896-இல் ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானவர் அவர். 1898-இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அந்தத் தேடல் எவ்வளவு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் நாவலின் முற்பகுதியில் தெருவையும் கிணற்றடியையும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், பிற்பகுதியில் உள்ளே திரும்பிவிட்டது என்றே படிக்கும்போது உணர்கிறேன். சொந்தக் கதை வெளியே தெரியாமல் இருக்கப் படர்க்கையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தனக்கு மிக முக்கியமானது எதுவோ அது எந்த இடத்தில் ஒளித்து வைத்தாலும் கதைக்குள் வந்து சேரும். எல்லாம் தெரிந்த குரல் கையில் இருக்கும்போது அது பிரசங்கமாக வருவதற்கு வசதி கூடுதல். பாண்டிக்குத் தெரியாத பொருளாதாரத்தை ஆசிரியர் தன் குரலில் நாலு பக்கம் விளக்கத் தொடங்கினால் அங்கே பேனாவை வைத்துவிட வேண்டும். அந்த நாலு பக்கமும் சிட்டையிலும் கூடையிலும் இருக்க வேண்டியது.

முழுக்க ஒருவரும் இல்லை, முழுக்க எல்லாரும் இல்லை என்ற நடுவழியும் தமிழில் இருக்கிறது. சுந்தர ராமசாமியின் முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’, 1966-இல் வந்தது, அந்த வகை. தாமோதர ஆசான் சொல்லும் பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞனின் வாயில் தொடங்கி, ஊரின் கதையாக அது விரிந்துவிடுகிறது. சொல்கிறவன் கதையின் நாயகன் இல்லை. ஊரைப் பார்த்தவன், கேட்டவன். ஊரே பாத்திரமாக இருக்கும் கதை மனதில் இருந்தால் இந்த வழியை யோசிக்கலாம். பாண்டியின் கதையை எதிர்க் கடையில் டீ விற்கிறவர் சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கு முதலாளியையும் தெரியும், அப்பாவையும் தெரியும். இரவுப் பேச்சு முழுதும் தெரியாது, ஆனால் கடையின் விளக்கு வெகுநேரம் எரிந்தது தெரியும். அந்த அளவு அறிவு சில நாவல்களுக்குப் போதும்.

கடைசியாக, நடைமுறை. மூன்று அத்தியாயம் எழுதிய பிறகுதான் இந்த முடிவு சரியா என்று தெரியும். அதற்கு முன்னால் தெரியாது. அப்போது மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் கணினியில் ‘நான்’ என்பதைத் தேடி ‘அவன்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் மாறும், ‘எனக்கு’, ‘என்னை’, ‘எங்கள்’ எல்லாம் மாறும். ‘அப்பா’ என்பது சில இடங்களில் பெயராகவும், சில இடங்களில் அப்பாவாகவே இருக்க வேண்டியதாகவும் ஆகும். அதைவிட முக்கியம், தன்மையில் எழுதும்போது சொல்லத் தேவையில்லாமல் விட்டுவிட்ட விவரங்கள் படர்க்கையில் வெற்றிடமாக நிற்கும். பாண்டி தன் சட்டையைப் பற்றித் தானே சொல்லமாட்டான், வெளியிலிருந்து பார்க்கிற குரல் சொல்லலாம். பழைய பக்கங்களை மூடி வைத்துவிட்டு, காட்சியை ஞாபகத்திலிருந்து புதிதாக எழுதுவதே நல்லது. முழு நாவலையும் மாற்றுவதற்கு முன் இரண்டு காட்சிகளை மட்டும் எடுங்கள்: முதல் காட்சியையும், நோட்டில் ‘யாருக்குத் தெரியக் கூடாது’ என்ற இடத்தில் அதிகப் பெயர்கள் விழுந்திருக்கும் அந்த ஒரு காட்சியையும். பாண்டியின் கதையில் அது கடை அடைத்த பிறகு நடக்கும் பேச்சு. இரண்டையும் இரண்டு விதமாகவும் எழுதி, ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு, சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

அந்த இரவுப் பேச்சில் அப்பாவும் முதலாளியும் எந்தத் தமிழில் பேசிக்கொள்வார்கள், அதைச் சுற்றியிருக்கும் விவரிப்பு எந்தத் தமிழில் இருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)